மூன்றாவது கண் தெரியும் நேரம்

செங்கல்பட்டுக்கு வடக்கே, ஜிஎஸ்டி சாலையை ஒட்டி அமைந்த சிங்கப்பெருமாள் கோயிலில் பாடலாத்ரி நரசிம்மர் எழுந்தருளியிருப்பது ஒரு குடைவரைக் கருவறையில். ஆரத்தியின்போது அர்ச்சகர், மூலவரின் நெற்றியிலுள்ள திருமண்காப்பைச் சற்றே உயர்த்தி, மூன்றாவது கண்ணைக் காட்டுவது இத்தலத்தின் சிறப்பு. வெளிவெயிலிலிருந்து வந்த கண்களுக்கு முதலில் எதுவும் பிடிபடாது. தட்டு சிறிது நேரம் அங்கேயே நின்றால்தான் நெற்றிக்கண் துலங்கும்.

மலையைச் சுற்றி வரவோ, படியேறி வரவோ இயலாத முதியோர் இப்போது அந்தத் தரிசனத்தைக் கைப்பேசியில் தேடுகின்றனர். மூலவரைப் படமெடுக்க அனுமதி இல்லாத கோயில்களைப் பற்றிய காணொளிகளில் கோபுரம், ஓவியம், உற்சவர் படம் ஆகியவற்றுடன் பின்னணிக் குரல் இருக்கும். அதில் தவறில்லை. ஆனால், நெற்றிக்கண் ஓவியம் திரையில் 2 விநாடி தோன்றி மறைகிறது. கீழே ஓடும் எழுத்தைப் படிப்பதற்குள் அடுத்த காட்சி வந்துவிடுகிறது. இதைத் திருத்த நினைப்பவர்கள் எழுத்தளவு, காட்சியின் வேகம், விவரணை ஆகியவற்றைத் தனித்தனியே சரிசெய்யப் பார்க்கிறார்கள். மூன்றும் ஒன்றையொன்று கட்டுப்படுத்துபவை. எழுத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பெரும்பாலான முதியோர் கைப்பேசியை நிமிர்த்தியே பிடிக்கிறார்கள். கிடையாகத் திருப்பினால் படம் பெரிதாகும் என்பது பலருக்குத் தெரியாது; தெரிந்தாலும் நடுங்கும் கைக்கு அது வசதியாக இல்லை. ஆறரை அங்குலக் கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்தால், வழக்கமான அகலத்திரைக் காணொளி அதில் சுமார் 68 மி.மீ. அகலமும் 38 மி.மீ. உயரமும் கொண்ட சிறு சதுக்கமாகிவிடும். படத்தின் உயரத்தில் இருபதில் ஒரு பங்கு என எழுத்தை அமைத்தால், அது 2 மி.மீ.கூட இராது. அதே காணொளி 32 அங்குலத் தொலைக்காட்சியில் ஓடும்போது எழுத்து 2 செ.மீ. உயரம் பெறும், இரண்டரை மீட்டர் தள்ளி அமர்ந்தாலும் தெளிவாக இருக்கும். காணொளியைப் பெரிய கணினித் திரையில் தொகுப்பவருக்குக் குறை தெரியாமல் போவதற்குக் காரணம் இதுவே.

தமிழ் எழுத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. மெய்யெழுத்தின் புள்ளி மிகச் சிறியது. அது மறைந்தால் சொல்லே மாறிவிடும். பின்னணியிலிருந்து எழுத்தைப் பிரித்துக்காட்டத் தடித்த கறுப்பு விளிம்பு போடுகிறார்கள். அந்த விளிம்பு ‘ண’, ‘ஞ’, ‘ஐ’ போன்ற எழுத்துகளின் சுழிகளை அடைத்துவிடுகிறது. காவி நிறத்தின்மேல் மஞ்சள் எழுத்து பக்திக்குப் பொருத்தமாகத் தோன்றலாம். ஆனால், 60 வயதுக்காரரின் விழித்திரைக்கு, 20 வயதுக்காரருடையதை அடையும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சென்று சேர்கிறது. அவருக்கு இரு நிறங்களும் ஒன்றாகக் கலந்துவிடும். கறுப்புப் பட்டையின்மேல், அலங்காரமற்ற வெள்ளை எழுத்தே போதும்.

கைப்பேசியில் எழுத்து 4 மி.மீ. உயரம் இருக்கட்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு வரியில் ஏறத்தாழ 15 எழுத்துகளே அடங்கும். இரண்டு வரிக்கு மேல் போட்டால் படமே மறைந்துவிடும். எனவே நீண்ட வாக்கியத்துக்கு இடமில்லை. இத்தலத்தின் பெயர் விளக்கத்தையே எடுத்துக்கொள்ளலாம். ‘பாடலம் என்றால் சிவப்பு, அத்ரி என்றால் மலை என்பதால், சிவந்த கண்களோடு பெருமாள் காட்சி தந்த இம்மலை பாடலாத்ரி என வழங்கலாயிற்று’ என்று ஒரே மூச்சில் சொல்வது விவரணையாளர்களின் வழக்கம். இதை வெட்டினால், ‘பாடலம் என்றால் சிவப்பு’ என்பது ஒரு திரை. ‘அத்ரி என்றால் மலை’ என்பது அடுத்தது. ‘சிவந்த கண்களோடு / பெருமாள் காட்சி தந்தார்’ என்று இரு வரிகளில் மூன்றாவது. ‘அதனால் இது பாடலாத்ரி’ என முடிவு. ஒவ்வொன்றும் 4 விநாடியாவது நிற்க வேண்டும். நிமிடத்துக்கு இத்தனை சொல் என்ற ஆங்கிலக் கணக்கு இங்கே உதவாது. தமிழில் ஒரு சொல்லே ஆங்கிலத்தின் மூன்று நான்கு சொற்களின் வேலையைச் செய்துவிடும். எழுத்தை வாய்விட்டு, அவசரமின்றி, இருமுறை படித்துப் பாருங்கள். முடிப்பதற்குள் அது மறைந்தால் நேரம் போதவில்லை.

எழுத்து சொல்லைக் குறைத்துவிட்டது. இனிக் குரலும் அதற்கு இணங்கியாக வேண்டும். இங்கே பலர் செய்யும் தவறு, பதிவான குரலைக் கணினியில் இழுத்து மெதுவாக்குவது. இழுக்கப்பட்ட குரல் மந்தமாக ஒலிக்குமே தவிரத் தெளிவாக இராது. முதுமையில் முதலில் குறைவது உச்ச ஒலிகளைக் கேட்கும் திறன். உயிரொலி காதில் விழும், ‘த’வா ‘ப’வா என்பது விழாது. ஆகவே சொற்களை இயல்பான வேகத்தில் சொல்லி, வாக்கியங்களுக்கு இடையே ஒன்றரை, இரண்டு விநாடி மௌனம் விடுவதே நல்லது. அந்த மௌனத்தில்தான் கேட்டது மனத்தில் சேரும். பின்னணி இசை இதைக் கெடுக்கக் கூடாது. பேச்சைவிடப் பின்னணி ஒலி 20 டெசிபெல் தாழ்ந்திருக்க வேண்டும் என்று இணைய அணுகல் நெறிமுறைகளின் உயர்நிலைத் தரம் கூறுகிறது. தொகுப்பு மென்பொருளில் இது ஓர் அளவுகோலை நகர்த்தும் வேலைதான். நாகஸ்வரமும் மணியோசையும் குரல் ஓய்ந்த இடங்களில் மேலெழட்டும்.

பாராயணக் காணொளிகளுக்கு விதி வேறு. நாள்தோறும் கேட்பவருக்குப் பாடல் ஏறக்குறைய மனப்பாடம். அவர் படிப்பதில்லை, கூடவே சொல்கிறார். அங்கே வேகத்தைக் குறைத்தால் எரிச்சலே மிஞ்சும். பாடகர் தொடங்குவதற்கு ஒரு கணம் முன்பே வரி திரையில் வர வேண்டும். அடுத்த வரியும் மங்கலாகக் கீழே தெரிந்தால் நாக்கு தடுமாறாது. வரியை இடம் போதாத இடத்தில் முறிக்காமல், மூச்சு விடும் இடத்தில் முறிக்க வேண்டும். இதைச் சந்தையாகப் பிரபந்தம் கற்ற ஒருவரிடம் கேட்டால் ஒரு மணி நேரத்தில் குறித்துக் கொடுத்துவிடுவார். எட்டு நிமிடத்துக்கு மேற்பட்ட காணொளிகளின் நடுவே யூடியூப் விளம்பரம் காட்டலாம். அதை நிறுத்தும் வசதி வெளியிடுபவர் கையில் இருக்கிறது. வருமானம் குறையும்தான். அஷ்டோத்திரத்தின் பாதியில் சோப்பு விளம்பரம் வராமலிருப்பதற்கான விலை அது.

பார்ப்பவரே எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ள வழியில்லையா என்று கேட்கலாம். உண்டு, வசன வரிகளைத் தனிக் கோப்பாக ஏற்றினால் அமைப்புகளில் அளவை மாற்றலாம். படத்தோடு ஒட்டிய எழுத்தை மாற்ற முடியாது. ஆனால், அந்த அமைப்பைத் தேடிச் செல்லும் எண்பது வயதுக்காரர் அரிது. எனவே பெயர், பொருள், நேரம் போன்ற இன்றியமையாதவற்றைப் படத்திலேயே பெரிதாகப் பொறித்து, முழு விவரணையைத் தனிக் கோப்பில் தருவது நடைமுறைக்கு ஏற்றது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழாதபடி, பொறித்த எழுத்தை மேல்பாதியில் வைக்க வேண்டும். கண்புரை முற்றியவர்களுக்கு இவை எதுவும் பயன்படாது. அவர்களுக்குக் குரல் ஒன்றே வழி. ‘இதோ பாருங்கள்’ என்று மட்டும் சொல்லாமல், அர்ச்சகர் எதை உயர்த்துகிறார், எது தெரிகிறது என்பதையும் விவரணை சொல்லியாக வேண்டும்.

வெளியிடுமுன் வீட்டிலுள்ள முதியவர் ஒருவரிடம், அவருடைய கைப்பேசியிலேயே காணொளியைக் கொடுத்து, பேசாமல் அருகில் அமருங்கள். ‘தெரிகிறதா’ என்று கேட்டால், மனம் நோகக் கூடாதென்று ‘நன்றாகத் தெரிகிறது’ என்பார். கையைக் கவனியுங்கள். கைப்பேசியை முகத்தருகே கொண்டுபோகும் இடத்தில் எழுத்து சிறியது. காதருகே கொண்டுபோகும் இடத்தில் இசை மிகுதி. நெற்றிக்கண் காட்சி வந்து போன பிறகும் அவர் கை குவியவில்லையென்றால், அந்தக் காட்சி இன்னும் சில விநாடி நிற்க வேண்டும்.