நூல் கட்டும் முறையும் உள் ஓரமும்

உள் ஓரம் என்பது ஒரு நூலின் பக்கத்தில், அச்செழுத்துக்கும் நூலின் முதுகுப் பகுதிக்கும் இடையே விடப்படும் வெற்றிடமாகும். பின் அடித்தல், ஸ்பைரல், பசைக் கட்டு (பெர்பெக்ட் பைண்டிங்) ஆகிய மூன்றும் இன்று மாணவர்களும் சிறு பதிப்பாளர்களும் அதிகம் நாடும் கட்டு முறைகள். இவை ஒவ்வொன்றும் உள் ஓரத்தில் வெவ்வேறு அளவை விழுங்குகின்றன. ஆகவே கணினியில் 20 மி.மீ. விட்ட ஓரம், கட்டி முடித்த நூலில் 20 மி.மீ. ஆகத் தெரிவதில்லை. கட்டு முறையை முதலில் முடிவு செய்து, அதன் பிறகே பக்கத்தை வடிவமைக்க வேண்டும்.

இக்கட்டுரை ஓர் எடுத்துக்காட்டின் வழியாக இதை விளக்குகிறது. செங்கல்பட்டு மாவட்டத்துப் பள்ளி மாணவர்கள் மாமல்லபுரச் சிற்பங்களைப் பற்றி ஏ5 அளவில் (148 × 210 மி.மீ.) ஒரு கையேடு தயாரிப்பதாகக் கொள்வோம். அதில் அர்ச்சுனன் தபசு புடைப்புச் சிற்பத்தின் படம் இரண்டு பக்கங்களை அடைத்து வர வேண்டும். தாள் 80 ஜி.எஸ்.எம். எடை கொண்டது. அதன் தடிமன் ஏறத்தாழ 0.1 மி.மீ.

## நடுவில் பின் அடித்தல்

ஏ4 தாள்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் மடித்து, மடிப்பின் மேல் இரண்டு பின்கள் அடிப்பது இம்முறை. ஒரு தாளை மடித்தால் நான்கு பக்கங்கள் கிடைக்கும். எனவே மொத்தப் பக்கங்கள் நான்கால் வகுபட வேண்டும். 48 பக்கக் கையேட்டுக்கு 12 தாள்களும், மேலே ஓர் அட்டையும் தேவை.

இக்கட்டு ஏறக்குறையத் தட்டையாகத் திறக்கும். மடிப்பு வரை கண்ணுக்குத் தெரிவதால், உள் ஓரமாக 12 அல்லது 13 மி.மீ. விட்டாலே போதும்.

ஆனால் இதில் வேறொரு சிக்கல் உண்டு. மடித்த தாள்கள் ஒன்றுக்குள் ஒன்று அமரும்போது, உள்ளே இருக்கும் தாள் தன்னைச் சுற்றியுள்ள தாள்களின் தடிமன் அளவுக்கு வெளியே தள்ளப்படும். நம் கையேட்டில் நடுத்தாளைச் சுற்றி 11 தாள்கள் உள்ளன. அவற்றின் தடிமன் 1.1 மி.மீ., அட்டை ஏறத்தாழ 0.3 மி.மீ. ஆக, நடுத்தாள் சுமார் 1.4 மி.மீ. துருத்தி நிற்கும். அச்சகத்தில் வெளி விளிம்பைச் சமமாக வெட்டும்போது அந்த 1.4 மி.மீ. போய்விடும். அதாவது, இம்முறையில் முதலில் குறைவது நடுப்பக்கங்களின் வெளி ஓரமே. வெளி ஓரம் 15 மி.மீ. இருந்தால் இது கண்ணில் படாது. விளிம்பை ஒட்டிப் பக்க எண்ணோ கோடோ போட்டிருந்தால், பக்கம் புரட்டப் புரட்ட அது விளிம்பை நெருங்குவது தெரியும்.

இதைச் சரிசெய்ய, அச்சகத்தார் நடுத்தாள்களின் எழுத்துப் பகுதியைச் சிறிது முதுகுப் பக்கம் நகர்த்துவார்கள். அப்போது வெளி ஓரம் சீராகும். நகர்த்திய அளவு உள் ஓரத்திலிருந்து கழியும். தட்டையாகத் திறக்கும் கட்டு என்பதால் அந்த இழப்பைத் தாங்கலாம்.

பக்கங்கள் 96 ஆனால் தாள்கள் 24 ஆகும், துருத்தலும் ஏறத்தாழ 2.6 மி.மீ. ஆகும். நூலும் மூடி நிற்காமல் வாய் பிளந்து கிடக்கும். இத்தாளில் 64 பக்கத்துக்கு மேல் போனால் வேறு கட்டை எண்ணிப் பார்ப்பது நல்லது.

தாள்களை மடிக்காமல் இடப்பக்க ஓரத்தில் மேலிருந்து பின் அடிப்பது வேறு முறை. தேர்வு விடைத்தாள்களிலும் வினா வங்கிகளிலும் இதைக் காணலாம். பின் விளிம்பிலிருந்து 5 மி.மீ. உள்ளே இறங்குவதாலும், அதைத் தாண்டித் தாள் வளையாததாலும், 10 மி.மீ. வரை மறைந்துவிடும். இரண்டையும் ‘பின் அடித்தல்’ என்றே சொல்வதால், கடையில் எது என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

## ஸ்பைரல்

தனித் தாள்களின் ஓரத்தில் வரிசையாகத் துளையிட்டு, பிளாஸ்டிக் சுருளைச் சுழற்றி ஏற்றுவது ஸ்பைரல். துளை ஏறத்தாழ 4 மி.மீ. விட்டம் கொண்டது. அது விளிம்பிலிருந்து 3 அல்லது 4 மி.மீ. தள்ளி விழும். எனவே முதல் 8 மி.மீ. முற்றிலும் இழப்பாகும். அதற்கு மேல் எதுவும் மறையாது, ஏனெனில் தாள் முழு வட்டமாகச் சுழன்று பின்பக்கம் போகும்.

இங்கே தவறு பெரும்பாலும் இருபக்க அச்சில் நேர்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் திட்ட அறிக்கை விதிகள் இடது ஓரத்தை 35 முதல் 40 மி.மீ. என்றும், வலது ஓரத்தை 20 முதல் 25 மி.மீ. என்றும் வகுக்கின்றன. தாளின் ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டால் இது பொருத்தமானது. 38 மி.மீ.யில் துளை 8 எடுத்தாலும் 30 மி.மீ. மிஞ்சும். சொந்தப் படியைக் காகிதம் மிச்சம் பிடிக்க இருபுறமும் அச்சிட்டால் நிலைமை மாறும். தாளின் பின்புறத்தில் சுருள் ஏறும் ஓரம் வலது ஓரமாகிவிடும். அங்கே இருப்பது 20 மி.மீ. மட்டுமே. துளை போக 12 மி.மீ. மிஞ்சும், தாளை வைப்பதில் சற்றுக் கோணினால் அதுவும் குறையும். அகலமான அட்டவணை இருந்தால், துளை எழுத்தின் மேலேயே விழலாம்.

இதற்குத் தீர்வு எளிது. வேர்டு மென்பொருளில் Layout, Margins, Custom Margins என்று சென்று, Multiple pages என்ற இடத்தில் Mirror margins என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உடனே Left, Right என்ற பெயர்கள் Inside, Outside என்று மாறும். இனி, பெரிய ஓரம் எப்போதும் முதுகுப் பக்கமே அமையும்.

## பசைக் கட்டு

இம்முறையில் தாள்களை அடுக்கி, முதுகை 2 முதல் 3 மி.மீ. வரை சீவிச் சொரசொரப்பாக்கி, உருக்கிய பசை தடவி, அட்டையைச் சுற்றி ஒட்டுவார்கள். கடைகளில் விற்கும் நாவல்கள், வழிகாட்டி நூல்கள் பலவும் இவ்வாறு கட்டப்பட்டவையே.

உள் ஓரத்தை மிக அதிகமாக விழுங்குவது இக்கட்டுதான். முதலில் சீவும்போது 3 மி.மீ. வரை போகிறது. பிறகு, நூல் தட்டையாகத் திறக்காததால் பக்கம் முதுகை நோக்கி வளைந்து இறங்குகிறது. அந்த வளைவில் மேலும் 7 அல்லது 8 மி.மீ. நிழலில் மறைகிறது. நூல் தடிக்கத் தடிக்க வளைவும் கூடும். ஆகவே 13 மி.மீ. உள் ஓரத்தோடு வடிவமைத்த கோப்பை அப்படியே பசைக் கட்டுக்குக் கொடுத்தால், 2 அல்லது 3 மி.மீ. ஓரமே கண்ணுக்குத் தெரியும். வாசகர் நூலை அழுத்தி விரிப்பார். முதுகில் பசை வெடிக்கும். பிறகு தாள் தாளாகக் கழன்று வரும். பக்கம் உதிர்வதற்குப் பசையின் மீது பழி போடுவது வழக்கம். குறுகிய உள் ஓரமும் அதற்குக் காரணமாக இருக்கலாம்.

உள் ஓரத்தை 21 மி.மீ. ஆக்கினால் நூலின் பருமனும் மாறும். ஏ5 தாளில் உள் ஓரம் 13, வெளி ஓரம் 15 என்றால் வரியின் நீளம் 120 மி.மீ. உள் ஓரம் 21 ஆனால் வரி 112 மி.மீ. ஆகக் குறையும். முன்பு 112 பக்கங்களில் அடங்கிய எழுத்து இப்போது ஏறத்தாழ 120 பக்கங்களுக்கு ஓடும். 120 பக்கம் என்றால் 60 தாள்கள், முதுகு 6 மி.மீ. எனவே உள் ஓரத்தை முடிவு செய்யாமல் அட்டையின் முதுகை அளந்து வரையக் கூடாது.

## இரு பக்கப் படம்

அர்ச்சுனன் தபசு சிற்பத்தின் நடுவே பாறையில் இயற்கையான பிளவு ஒன்று இருக்கிறது. அதில்தான் நாகர் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. பிளவின் இடப்புறம் ஒற்றைக்காலில் தவம் செய்பவரும், வலப்புறம் பெரிய யானைகளும் உள்ளனர். படத்தை இரு பக்கத்தில் போட்டால், இந்தப் பிளவு ஏறக்குறைய நூலின் மடிப்பிலேயே விழும்.

48 பக்கக் கையேட்டை நடுவில் பின் அடித்தால், 24, 25 ஆம் பக்கங்கள் ஒரே தாளில் அடுத்தடுத்து இருக்கும். படத்தை அங்கே வைத்தால் அது அறுபடாது. இரண்டு பின்கள் மட்டும் தெரியும். படம் 22, 23 ஆம் பக்கங்களுக்கு நகர்ந்துவிட்டால், அவை வெவ்வேறு தாள்கள் என்பதால் இரு பாதிகளும் மேலும் கீழுமாகச் சற்று விலகக்கூடும்.

ஸ்பைரலில் நாகர் உருவங்களின் மேலேயே துளைகள் விழும். பசைக் கட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் 10 மி.மீ. மறைவதால், நடுப்பகுதி முழுவதும் காணாமற் போகும். சிற்பத்தின் மையம் படத்தில் இருக்காது. இவ்விரு கட்டுகளுக்கும் படத்தைப் பக்கவாட்டில் திருப்பி ஒரே பக்கத்தில் அடக்குவதே தக்கது.

## கடற்கரைக் காற்றும் வெயிலும்

மாமல்லபுரம், கோவளம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் இரும்புப் பின் விரைவில் துருப்பிடிக்கும். முதலில் மடிப்பில் பழுப்புக் கறை தெரியும், பிறகு அந்த இடத்தில் தாள் இற்றுப்போய் நடுத்தாள் கழன்று வரும். பல ஆண்டுகள் நூலகத்தில் இருக்க வேண்டிய கையேட்டுக்குத் துருப்பிடிக்காத பின் கேட்கலாம், அல்லது மடிப்பில் நூலால் தைக்கச் சொல்லலாம். தைத்தாலும் உள் ஓரக் கணக்கு மாறாது.

பசைக் கட்டுக்கு வெப்பம் பகை. கோடையில் மூடிய காருக்குள் வைத்த நூலின் பசை இளகி, முதுகு கோணலாகிவிடக்கூடும். வழவழப்பான ஆர்ட் பேப்பரில் பசை நன்றாக ஊறாது. ஆகவே முழுவதும் வண்ணப்படங்களாக உள்ள நூலுக்குத் தையல் போட்டபின் ஒட்டுவதே உறுதியானது.

## தேர்வு செய்யும் முறை

64 பக்கம் வரையுள்ள கையேட்டுக்கு நடுவில் பின் அடித்து, உள் ஓரமாக 13 மி.மீ. விடலாம். மேசையில் விரித்து வைத்து எழுதவோ திருத்தவோ வேண்டிய ஏட்டுக்கு ஸ்பைரல் ஏற்றது. அதற்கு உள் ஓரம் 20 மி.மீ. வேண்டும். அலமாரியில் முதுகு தெரிய நிற்க வேண்டிய, 100 பக்கத்துக்கு மேற்பட்ட நூலுக்குப் பசைக் கட்டும், குறைந்தது 21 மி.மீ. உள் ஓரமும் தேவை.

இறுதிக் கோப்பைக் கொடுக்கும் முன் ஒரு வெற்று மாதிரி செய்து பார்ப்பது நல்லது. அதே தாளை, அதே எண்ணிக்கையில் எடுத்து, நடுவிலுள்ள சில தாள்களில் முதுகிலிருந்து 10, 15, 20 மி.மீ. தொலைவில் கோடுகள் வரைந்து, கடையில் அதே முறையில் கட்டச் சொல்ல வேண்டும். பின் அதை அழுத்தாமல், படிக்கும்போது பிடிப்பதுபோலக் கையில் விரிக்க வேண்டும். எளிதாகக் கண்ணில் படும் முதல் கோடு எதுவோ, எழுத்து அதற்கு வெளியேதான் தொடங்க வேண்டும்.