புகையும் எடையும்: நடுவழியில் பிசகும் கணக்கு

அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்த ஜேக்கப் யெருஷல்மி, 1959இல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வில் கர்ப்பிணிப் பெண்களையும் அவர்களுடைய குழந்தைகளையும் பின்தொடர்ந்தார். சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதித் தாய்மார்கள் அவர்கள். புகைபிடிக்கும் தாய்க்கு எடை குறைந்த குழந்தை பிறப்பதும், எடை குறைந்த குழந்தைகள் அதிகமாக இறப்பதும் அவருடைய புள்ளிவிவரத்தில் தெளிவாகவே தெரிந்தன. ஆனால் எடை குறைந்த குழந்தைகளை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தபோது, புகைபிடித்த தாயின் குழந்தை, புகைபிடிக்காத தாயின் குழந்தையைவிடப் பிழைத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம் என்று வந்தது. 1971இல் அவர் இதை வெளியிட்டு, கெடுதல் உண்மையில் சிகரெட்டால்தானா என்று கேட்டார். கருவுற்ற பெண் புகைபிடிக்கலாமா கூடாதா என்ற விவாதம் சூடாக இருந்த காலம் அது. இந்தப் புதிர் வெறும் கல்விக்கூடச் சங்கதியாக நிற்கவில்லை.

குழந்தை மருத்துவம் தெரிந்தால் மட்டும் இந்த முடிச்சை அவிழ்த்துவிட முடியாது. சிக்கல் கணக்கில் இருக்கிறது. சமூக அறிவியலிலும் மருத்துவத்திலும் ‘மீடியேஷன்’ என்று வழங்கும் இடைவழிப் பகுப்பாய்வில் இருக்கிறது.

அது கேட்கும் கேள்வி எளிமையானது. புகையால் வரும் மொத்தக் கெடுதலில், எடையைக் குறைப்பதன் வழியாக வருவது எவ்வளவு, எடையைத் தொடாமல் நேரே வருவது எவ்வளவு? முன்னது மறைமுக விளைவு, பின்னது நேரடி விளைவு. 1986இல் பேரனும் கென்னியும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இதற்கு ஒரு வாடிக்கையான செய்முறை நிலைத்துவிட்டது. முதலில் புகைக்கும் இறப்புக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிடுவார்கள். பிறகு எடையையும் கணக்கில் சேர்த்து, ஒரே எடையுள்ள குழந்தைகளை ஒப்பிடுவதுபோல மறுபடி கணக்கிடுவார்கள். தொடர்பு எவ்வளவு சுருங்குகிறதோ அவ்வளவும் எடை வழியாக வந்தது, மிச்சம் இருப்பது நேரடி விளைவு. ஏராளமான ஆய்வேடுகள் இந்த ஒரு கழித்தலை நம்பியே எழுதப்பட்டிருக்கின்றன.

கழித்தலில் பிழை இல்லை. ஆனால் அது செல்லுபடியாக வேண்டுமென்றால் எடையையும் இறப்பையும் சேர்த்துப் பாதிக்கும் மூன்றாவது காரணம் ஒன்றும் மறைந்திருக்கக் கூடாது. அப்படி ஒன்று மறைந்திருந்தால் என்ன நடக்கும் என்பதை எண்களில் பார்த்துவிடலாம். கீழே வருபவை விளக்கத்துக்காக நானே போட்டுக்கொண்ட எண்கள்.

புகைபிடிக்காத தாய்மார் 10,000 பேர், பிடிப்பவர் 10,000 பேர். இரு பக்கமும் தலா 100 குழந்தைகளுக்குப் பிறவியிலேயே கடுமையான உறுப்புக் கோளாறு. அதற்கும் புகைக்கும் சம்பந்தமில்லை, ஆனால் அந்த நூறு பேரும் எடை குறைந்தே பிறக்கிறார்கள். கோளாறு இல்லாதவர்களில், புகைபிடிக்காதவர் பக்கம் 400 பேர் எடை குறைவு, 9,500 பேர் சரியான எடை. புகைபிடிப்பவர் பக்கம் 900 பேர் எடை குறைவு, 9,000 பேர் சரியான எடை.

இறப்பைப் பார்ப்போம். கோளாறு உள்ள நூறில், புகைபிடிக்காதவர் பக்கம் 30, பிடிப்பவர் பக்கம் 33. கோளாறின்றி எடை மட்டும் குறைந்தவர்களில் 100க்கு 2, பிடிப்பவர் பக்கம் 100க்கு 3. அதாவது 8 பேரும் 27 பேரும். சரியான எடை உள்ளவர்களில் 1,000க்கு 4, பிடிப்பவர் பக்கம் 1,000க்கு 6. அதாவது 38 பேரும் 54 பேரும். எந்தப் பிரிவை எடுத்தாலும் புகை கெடுதலே செய்கிறது. மொத்தம் ஒரு பக்கம் 76 இறப்பு, மறு பக்கம் 114. ஒன்றரை மடங்கு.

இப்போது கோளாறு பற்றிய குறிப்பு நம் கையில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை மட்டும்தான் தெரியும். எடை குறைந்தவர்களில் புகைபிடிக்காத பக்கம் 500 பேரில் 38 இறப்பு, அதாவது 100க்கு 7.6. புகைபிடித்த பக்கம் 1,000 பேரில் 60 இறப்பு, அதாவது 100க்கு 6. யெருஷல்மியைத் திகைக்கவைத்த அதே விசித்திரம் நம் கண்ணெதிரில் முளைத்துவிட்டது!

காரணம் இதுதான். புகைபிடிக்காத தாயின் குழந்தை எடை குறைந்து பிறந்தால், அதற்கு வேறு காரணம் இருந்தாக வேண்டும். அந்த 500 பேரில் ஐந்தில் ஒருவருக்குக் கோளாறு. புகைபிடித்த பக்கமோ எடையைக் குறைக்கப் புகையே போதும், அதனால் பத்தில் ஒருவருக்குத்தான் கோளாறு. ஒரே எடைக் குழந்தைகளை ஒப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, நோயுற்ற குழந்தைகள் நிறைந்த கூட்டத்தை ஓரளவு நலமான கூட்டத்தோடு ஒப்பிட்டுவிட்டோம்.

பங்கு பிரிக்கும்போது கதை இன்னும் மோசம். புகைபிடித்த பக்கத்து இறப்பு வீதத்தை வைத்துக்கொண்டு, எடைப் பங்கீட்டை மட்டும் புகைபிடிக்காத பக்கத்தினுடையதாக மாற்றினால், அதாவது 500 பேர் எடை குறைவு, 9,500 பேர் சரி என்றால், 30 இறப்பும் 57 இறப்பும் சேர்ந்து 87 வருகிறது. ஆகவே மொத்தக் கூடுதலான 38இல் நேரடி விளைவு 11, மறைமுக விளைவு 27 என்று அறிக்கை எழுதுவோம். கோளாறு தெரிந்திருந்தால் 33, 12, 57 என்று 102 வந்திருக்கும். நேரடி விளைவு 26, மறைமுக விளைவு 12. கெடுதலின் பெரும்பகுதி எந்த வழியில் வருகிறது என்பதே தலைகீழாகிவிட்டது. மொத்த விளைவு மட்டும் இரண்டு கணக்கிலும் அசையாமல் 38 என்றே நிற்கிறது.

2006இல் எர்னாண்டஸ்-டியாஸ், ஷிஸ்டர்மன், எர்னான் மூவரும் 1991ஆம் ஆண்டு அமெரிக்கப் பிறப்பு, இறப்புப் பதிவுகளை எடுத்துக்கொண்டு இந்த விளக்கத்தை முறையாக வைத்தார்கள். அவர்களிடமும் மொத்தத்தில் இறப்பு சுமார் ஒன்றரை மடங்கு, எடை மிகக் குறைந்தவர்களில் மட்டும் புகைபிடித்த பக்கம் குறைவு. இன்னொரு தடயமும் உண்டு. கொலராடோ போன்ற உயரமான மலைப்பகுதியில் பிறக்கும் குழந்தைகளுக்கும் எடை குறைகிறது, அங்கேயும் எடை குறைந்தவர்கள் மற்ற இடத்து எடை குறைந்தவர்களைவிட நன்றாகப் பிழைக்கிறார்கள். மலைக்காற்றும் சிகரெட்டும் ஒரே விசித்திரத்தைக் காட்டினால், சந்தேகப்பட வேண்டியது ஒப்பிடும் முறையைத்தான்.

சீட்டுக் குலுக்கிப்போட்டு ஆட்களைப் பிரிக்கும் சோதனையில் இந்தத் தொல்லை வராது என்று பலர் நினைக்கிறார்கள். வரும். சீட்டு போடுவது சிகிச்சைக்குத்தான். நடுவில் வரும் காரணியை யாரும் குலுக்கிப் பங்கிடுவதில்லை. மருந்துச் சோதனையில் மொத்த விளைவு நம்பகமானது. ‘இதில் 40 சதவீதம் ரத்த அழுத்தம் குறைந்ததால்’ என்ற அடுத்த வாக்கியத்துக்கு அந்த நம்பகத்தன்மை தானாகப் போய்ச் சேர்வதில்லை. இப்படி எழுதும் ஆய்வாளரிடம் கேட்க வேண்டியது, மறைந்த காரணம் எவ்வளவு வலுவாக இருந்தால் உங்கள் பங்கீடு கவிழும் என்பதை. அதைக் கணக்கிட்டுச் சொல்லும் முறைகள் இன்று இருக்கின்றன. கட்டுரைகளில் அரிதாகவே கண்ணில் படுகின்றன என்பது என் எண்ணம்.

எல்லாவற்றையும் அளந்துவிட்டாலும் தீராத ஒரு சிக்கலும் இருக்கிறது. கர்ப்ப காலத்தில் புகைபிடித்தால் நஞ்சுக்கொடி கருப்பையிலிருந்து முன்கூட்டியே பிரியும் ஆபத்து கூடுகிறது. அப்படிப் பிரிவது குழந்தையின் எடையையும் குறைக்கும், உயிரையும் பறிக்கும். இது எடைக்கும் இறப்புக்கும் பொதுவான காரணம், ஆனால் பிறவிக் கோளாறுபோல வெளியிலிருந்து வந்ததல்ல, புகையே உண்டாக்கியது. இதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் எடையின் பங்கு தவறாக வரும். சேர்த்துச் சரிசெய்தால், புகை செய்த கெடுதலின் ஒரு துண்டையே வெட்டி எறிந்தவர்களாவோம். இப்படிப்பட்ட இடத்தில், கூடுதல் அனுமானங்கள் இல்லாமல் எடையின் தனிப் பங்கைத் தரவிலிருந்து பிரித்தெடுக்கவே முடியாது. அப்போது செய்யக்கூடியது, நஞ்சுக்கொடியையும் எடையையும் ஒரே வழியாகச் சேர்த்து வைத்துக்கொண்டு, அவ்விரண்டின் வழியாக எவ்வளவு, மற்றபடி எவ்வளவு என்று கேட்பதுதான்.