தேகப்பயிற்சி தொடங்குவோரும் ஊட்டப் பொடிகளும்

எடை தூக்கும் பயிற்சியைப் புதிதாக மேற்கொண்ட இளைஞர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். உடல் எடை 60 கிலோகிராம், மரக்கறி உணவினர். புரதப் பொடி, கிரியேட்டின், காபீன் மாத்திரை ஆகிய மூன்றையும் வாங்குமாறு கடைக்காரர் அவருக்குக் கூறுகிறார். மூன்றும் ஒரே தரத்தவை அல்ல. அவற்றுள் எது அவருக்கு உண்மையில் பயன்படும் என்பதைக் காண்போம்.

முதலில் புரதம். எடைப் பயிற்சி செய்வோர் உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்குச் சுமார் 1.6 கிராம் புரதம் உண்டால் போதும். அதற்கு மேற்பட்ட அளவால் தசை வளர்ச்சி பொதுவாகக் கூடுவதில்லை. நம் இளைஞருக்கு இது 96 கிராம் ஆகிறது. அவர் உண்ணும் 300 கிராம் அரிசியும் கோதுமையும் சுமார் 28 கிராம் புரதம் தருகின்றன. 60 கிராம் பருப்பு 14 கிராமும், அரை லிட்டர் பால் 16 கிராமும், ஒரு கிண்ணம் தயிர் 6 கிராமும் தருகின்றன. மொத்தம் 64, குறைவது 32.

பாலைத் திரித்துப் பனீர் எடுத்தபின் எஞ்சும் தெளிநீரை நம் வீடுகளில் பெரும்பாலும் கொட்டிவிடுகிறோம். பாலின் புரதத்தில் ஒரு பகுதி அந்நீரிலேயே தங்கிவிடுகிறது. பாற்கட்டி ஆலைகளில் கிடைக்கும் இத்தகைய நீரிலிருந்து பிரித்து உலர்த்தப்பட்டதே 'வே' புரதம். 30 கிராம் பொடியில் பொதுவாக 20 முதல் 25 கிராம் வரை புரதம் உண்டு. அது எளிதில் செரிக்கும் நல்ல உணவே. ஆயினும் உணவுதான், மருந்தன்று. 60 கிராம் சோயா உருண்டைகளைச் சமைத்து உண்டால் குறைந்த செலவில் சுமார் 30 கிராம் புரதம் கிடைத்துவிடும். உணவு உண்ண நேரமோ வசதியோ இல்லாதவர்க்கே பொடி தேவைப்படும்.

கிரியேட்டினின் கதை வேறு. 1832ஆம் ஆண்டில் பிரெஞ்சு இரசாயன அறிஞர் செவ்ரோல் இதனை இறைச்சியிலிருந்து பிரித்தெடுத்தார். தசையில் இது பாஸ்பேட்டுடன் இணைந்து நிற்பதை 1927இல் ஹார்வர்டில் கண்டறிந்த இருவருள் ஒருவர், ஆந்திரத்தின் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகத சுப்பாராவ். மற்றவர் ஃபிஸ்க் என்பவர். தசையை இயக்கும் நேரடி எரிபொருளாகிய ஏ.டி.பி. என்னும் பொருள், கடும் முயற்சியில் இரண்டொரு விநாடிகளுக்கே போதும். அது பாஸ்பேட்டை இழந்தவுடன், கிரியேட்டின் தன்னிடமுள்ள பாஸ்பேட்டை அதற்குக் கொடுத்து மீண்டும் உயிர்ப்பிக்கிறது. இவ்வுதவி பத்து விநாடி அளவே நீடிக்கும். ஆனால் எட்டு முறை தூக்கக்கூடிய எடையை ஒன்பதாம் முறையும் தூக்க அது போதுமானது. பல வாரங்களில் இந்த மிகுதியான உழைப்பே தசையை வளர்க்கிறது. பயிற்சி செய்யாதவருக்கு இப்பொடி தசை வளர்த்துத் தராது.

நம் உடலே கிரியேட்டினை ஓரளவு உற்பத்தி செய்கிறது. எஞ்சியது மீன், இறைச்சி வாயிலாக வருகிறது. ஆதலால் மரக்கறி உணவினரின் தசைகளில் இதன் இருப்புக் குறைவு. பொடியால் ஏற்படும் உயர்வு அவர்களுக்குப் பொதுவாக அதிகம். நாள்தோறும் 20 கிராம் வீதம் ஆறு நாட்கள் உண்டு தசையை நிரப்புவோர் உளர். 3 கிராம் வீதம் உண்டாலும் நான்கு வாரத்தில் அதே நிலை எய்தலாம் என்பது 1996இல் காட்டப்பட்டது. வயிற்றுக் கோளாறுக்கு இடம் தராத இரண்டாம் வழியே தொடங்குவோருக்கு ஏற்றது. மோனோஹைட்ரேட் என்னும் மலிவான வகையே போதும். விலையுயர்ந்த பிற வகைகள் அதனினும் மேம்பட்டவை என நிறுவப்படவில்லை. தொடக்கத்தில் ஒரு கிலோகிராம் அளவு எடை ஏறினால் அது தசையில் தங்கிய நீரேயன்றிக் கொழுப்பன்று.

காபீனைப் பற்றி விரிவாகக் கூற வேண்டுவதில்லை. கிலோகிராமுக்கு 3 மில்லிகிராம், அதாவது நம் இளைஞருக்கு 180 மில்லிகிராம், பயிற்சிக்கு ஒரு மணி முன்னர் கொள்வது களைப்புணர்ச்சியைக் குறைக்கும். அதில் பாதி கழியச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக்கு உண்டவர்க்குப் பதினொரு மணிக்கும் பாதி உடலில் இருக்கும், தூக்கம் கெடும். வழக்கமாகப் பருகும் காபியே அவருக்குப் போதும்.

ஆகவே அவர் வாங்கத் தக்கது கிரியேட்டின் ஒன்றே. ஆனால் ஓர் எச்சரிக்கை உண்டு. கிரியேட்டின் சிதைந்து கிரியேட்டினின் என்னும் கழிவாகிறது. சிறுநீரகத்தின் நிலையை அறிய மருத்துவர் இரத்தத்தில் அளப்பதும் இதனையே. பொடி உண்பவர்க்கு, சிறுநீரகம் பழுதுறாமலேயே இவ்வளவு சற்று உயரக்கூடும். இதை அறியாமல் அஞ்சுவோர் உண்டு. மருத்துவரிடம் மறைப்போரும் உண்டு. பரிசோதனைக்கு முன் பொடி உண்பதைக் கூறிவிட்டால், ஐயம் எழும்போது சிஸ்டாட்டின்-சி என்னும் வேறொரு பொருளை அளந்து உண்மையை அறியலாம். முன்பே சிறுநீரக நோய் உள்ளவர் மருத்துவரைக் கேளாமல் இப்பொடியைத் தொடங்கலாகாது.