கடிகாரத்தைக் கீறாமல் திறப்பது

கைக்கடிகாரத்தில் விழும் கீறல்களுள் சில அதை அணிந்திருக்கையில் விழுந்தவை அல்ல; திறக்கும்போது விழுந்தவை. பழைய கடிகாரம் ஒன்றைத் திருப்பிப் பின்மூடியின் ஓரத்தையும், வாரைத் தாங்கும் காதுகளின் உட்புறத்தையும் பூதக்கண்ணாடி கொண்டு பார்த்தால் இது விளங்கும். மூடியின் பள்ளம் ஒன்றில் தொடங்கி வளைந்தோடும் கோடு, கருவி வழுக்கிய இடம். காதின் உட்புறத்துச் சிறு வெட்டுக்கள், யாரோ பொறுமையிழந்து பேனாக்கத்தியால் நெம்பியதன் அடையாளம்.

இக்கீறல்களைப் பிறகு மெருகிட்டு மறைத்துவிடலாமே என்று சிலர் கருதலாம். உடல் முழுதும் எவர்சில்வரால் ஆன கடிகாரமாயின் அது ஓரளவு கைகூடும். ஆனால் முன்னாளில் நடுத்தரக் குடும்பங்களில் புழங்கிய கடிகாரங்கள் பலவற்றின் உடல் பித்தளை; மேலே குரோமியம் முலாம்; பின்மூடி மட்டுமே எவர்சில்வர். முலாமில் விழுந்த ஆழ்ந்த கீறலைத் தேய்க்கப் புகுந்தால் முலாம்தான் தேயும். அடியிலுள்ள மஞ்சள் நிறம் எட்டிப் பார்க்கும். அத்தகைய கடிகாரத்தில் கீறல் விழாமல் காப்பது ஒன்றே வழி.

கீறல் வழுக்குவதால் உண்டாகிறது. வழுக்கல் மிகுந்த பலத்தால் உண்டாகிறது. பலமோ பொருள் இறுகியிருப்பதால் வேண்டியிருக்கிறது. ஆகவே முதலில் இறுக்கத்தின் காரணத்தைக் கண்டு அதை இளக்கிவிட வேண்டும். பிறகு சிறு பலமே போதும். இதை ஓர் உதாரணத்தால் விளக்குவோம்.

நம் மாணவன் ஒருவன் தன் தாத்தாவின் கடிகாரத்தை ஒருநாள் கொண்டு வந்தான். 1970-களில் வாங்கியது, சாவி கொடுத்து ஓடுவது, குரோமியம் முலாம் பூசிய உடலும் எவர்சில்வர் பின்மூடியும் கொண்டது. "வாரும் கழலவில்லை, மூடியும் திறக்கவில்லை, ஸார். கடைக்காரர் கீறல் விழுந்தால் தாம் பொறுப்பில்லை என்கிறார்" என்றான். பல ஆண்டு வியர்வையும் அழுக்கும் உலர்ந்து, மூடியைச் சுற்றிலும் கருமையான சிமெண்டு போலப் படிந்திருந்தன.

முதலில் வாரைக் கழற்றிவிட வேண்டும். வார் தொங்கிக்கொண்டிருந்தால் கடிகாரத்தை உறுதியாகப் பிடிக்க இயலாது. பிடி தளர்ந்தால் கருவி வழுக்கும். வாரைக் காதுகளுக்கிடையே பிணைத்திருப்பதைக் கடைக்காரர்கள் ஸ்பிரிங் பார் என்பார்கள். அது மெல்லிய குழாய். உள்ளே ஒரு சுருள்வில். இரு முனைகளிலும் சிறிய முளைகள். முளைகள் காதுகளின் துளைகளில் புகுந்து நிற்கின்றன. கவட்டை போன்ற நுனியுள்ள சிறு கருவியை வாருக்கும் காதுக்கும் நடுவே செருகி, முளையின் தோள்பட்டையில் மாட்டி, வாரின் நடுவை நோக்கி ஒரு மில்லிமீட்டர் அளவு இழுத்தால் முளை துளையை விட்டு நீங்கும். இரண்டு முனைகளில் ஒன்று நீங்கினாலே போதும். எனவே ஒரு பக்கம் இணங்காவிட்டால் மறுபக்கத்தை முயல வேண்டும்.

நம் மாணவனின் கடிகாரத்தில் மேற்பக்கத்து ஊசி இவ்வாறே கழன்றது. கீழ்ப்பக்கத்தது அசையவில்லை. இத்தகைய நிலையில் எங்கே இறுகியிருக்கிறது என்று அறிவது அவசியம். கருவியின் நுனியால் ஊசியைச் சுழற்றிப் பார்க்க வேண்டும். சுழலாவிட்டால், முளை காதின் துளையில் துருவால் பற்றியிருக்கிறது. சுழன்றும் உள்ளே ஒடுங்காவிட்டால், முளை தன் குழாய்க்குள்ளேயே பற்றியிருக்கிறது. முன்னதற்குத் துளையின் வாயிலும், பின்னதற்குக் குழாயின் வாயிலும் துரு இளக்கும் எண்ணெய் சேர வேண்டும். எண்ணெயைப் பீச்சக்கூடாது. தையல் ஊசியின் நுனியில் தொட்டுக் குண்டூசித் தலையளவு வைத்து, ஓர் இரவு முழுதும் விட்டுவிட வேண்டும். காதின் வெளிப்புறத்தில் துளை தெரியும் கடிகாரமாயின் வேலை எளிது. அத்துளையின் வழியே மெல்லிய ஊசி கொண்டு முளையை உள்ளே தள்ளிவிடலாம்.

மறுநாள் கருவியைக் கையிலெடுக்கும் முன் காதுகளின் உட்புறத்திலும் மேற்புறத்திலும் ஒட்டு நாடாவை இரண்டு மடிப்பாக ஒட்டினோம். அப்படியும் ஊசி இணங்கவில்லை. இங்கேதான் பலர் நெம்பத் தொடங்குவார்கள். நெம்பினால் காது வளையலாம். கருவி வழுக்கி முலாமைக் கிழிக்கலாம். ஊசியோ சில ரூபாய்ப் பொருள்; அதைக் காப்பாற்ற வேண்டிய அவசியமே இல்லை. தோல்வாரை, கத்தியின் முனை கடிகாரத்துக்கு வெளிப்பக்கம் நோக்கியிருக்குமாறு வெட்டி நீக்கினோம். ஊசி மட்டும் வெளியே தெரிந்தது. கடிகார உடலுக்கும் ஊசிக்கும் நடுவே கெட்டி அட்டைத் துண்டு ஒன்றைச் செருகி, சிறிய வெட்டுக் குறடால் ஊசியை நடுவில் துண்டித்தோம். துண்டு தெறிக்குமாதலால் கண்ணுக்குக் கண்ணாடி அணிவது நலம். பிறகு ஒவ்வொரு பாதியையும் சாமணத்தால் பற்றி, லேசாகத் திருகிக்கொண்டே உட்பக்கம் இழுக்க, இரண்டும் வந்துவிட்டன.

உலோகச் சங்கிலி மாட்டிய கடிகாரத்தில் இவ்வுபாயம் பலிக்காது. சங்கிலியின் கடைசிக் கண்ணி ஊசியை மூடி நிற்கும். அங்கே எண்ணெயும் பொறுமையுமே துணை. முளை ஒடிந்து துளைக்குள் தங்கிவிட்டால் தேர்ந்த கடிகாரத் தொழிலாளியிடம் விட்டுவிடுவதே அறிவு. அவர் இயந்திரத்தை அப்புறப்படுத்திய பிறகே அதில் கை வைப்பார்.

இனிப் பின்மூடி. அது எவ்வகையது என்று தெரியாமல் கருவி எடுப்பவர்தான் அதிகம் கீறுகிறார். ஓரம் முழுதும் வழவழப்பாயிருந்து, ஓரிடத்தில் மட்டும் சிறு உதடு அல்லது பிளவு காணப்பட்டால் அது அழுத்தி மூடிய மூடி. சுற்றிலும் ஒரே இடைவெளியில் பள்ளங்களோ, தட்டையான முகங்களோ இருந்தால் அது திருகு மூடி. இதைத் திருப்ப வேண்டுமேயன்றி நெம்பக்கூடாது.

அழுத்து மூடிக்கு முனை மழுங்கிய கடிகாரக் கத்தி உண்டு. இறுகியதாயின், அந்த உதட்டைக் கண்டுபிடித்து, முதலில் சவரத் தகட்டின் விளிம்பை அதில் மெல்ல அழுத்தி மயிரிழை இடைவெளி உண்டாக்க வேண்டும். பிறகு கடிகாரக் கத்தியை நுழைத்து, சாவி திருப்புவது போலக் கத்தியைத் தன் அச்சிலேயே திருக வேண்டும். கத்தியை நெம்புகோலாக்கி மேலே தூக்கினால் அதன் முதுகு உடலின் விளிம்பைத் தேய்த்துக் கோடிடும். கத்தி தாங்கும் இடத்தில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றை வைப்பது நல்ல காப்பு. கத்தி பிடித்த கையின் கட்டைவிரல் கடிகாரத்தின் மேல் ஊன்றியிருக்கட்டும். வழுக்கினால் அதுவே தடை.

நம் மாணவன் கொண்டு வந்தது ஆறு பள்ளங்கள் கொண்ட திருகு மூடி. முதல் வேலை சுத்தம். கூரிய மரக்குச்சியால் பள்ளங்களிலும் மூடியின் சுற்றுக்கோட்டிலும் இருந்த அழுக்கைச் சுரண்டி, உலர்ந்த தூரிகையால் துடைத்தோம். மரம் முலாமைக் கீறாது. பழைய கடிகாரத்தில் நீர் புகும் ஆதலால் தண்ணீர் தொடவில்லை. மூடியின் அடியிலுள்ள ரப்பர் வளையம் நாளடைவில் தார் போல் இளகி மூடியை ஒட்டிக்கொள்வதும், திருகு மரையில் வியர்வை உப்பால் துரு ஏறுவதுமே இறுக்கத்துக்குக் காரணம். சுற்றுக்கோட்டில் நான்கு இடங்களில் ஊசி நுனியால் எண்ணெய் வைத்து, மூடி கீழே இருக்கும்படி இரவு முழுதும் வைத்தோம். எண்ணெய் மிகுந்தால் இயந்திரத்துக்குள் ஊர்ந்து செல்லும். ஆகையால் இங்கே சிக்கனம் மிக முக்கியம்.

மறுநாள் முதலில் ரப்பர்ப் பந்தை மூடியின்மேல் அழுத்தித் திருப்பிப் பார்த்தோம். பந்தால் கீறல் விழ வழியே இல்லாததால் எப்போதும் அதிலிருந்து தொடங்குவது நன்று. மூடி அசையவில்லை. அடுத்தது ஜாக்ஸா எனப்படும் மூன்று கால் திறப்பான். கடிகாரத்தைப் பிளாஸ்டிக் முளைகள் கொண்ட சிறு பிடிப்பானில் அசையாமல் பொருத்தினோம். மூடி முழுதும் ஒட்டு நாடா ஒட்டி, பள்ளங்கள் உள்ள இடங்களில் மட்டும் அதை வெட்டி நீக்கினோம். பள்ளத்தின் அகலத்துக்குச் சரியாகப் பொருந்தும் கால்களைத் தேர்ந்து மூன்றும் ஒருங்கே அடிவரை அமரும்படி இறுக்கினோம். கால் பள்ளத்தைவிடச் சிறிதாயின் மேலேறி வழுக்கும். அதுவே வளைந்தோடும் கோட்டின் தோற்றுவாய்.

இன்னொன்றும் செய்தோம். மூடியிலிருந்து உடல்வரை நாடாவின்மேல் மையால் ஒரு கோடு போட்டோம். கோடு முறிந்தால் மூடி திரும்பியது என்று பொருள். கோடு அப்படியேயிருக்கக் கருவி திரும்பியதானால் கால்கள் வழுக்குகின்றன, உடனே நிறுத்த வேண்டும். உள்ளங்கையால் கருவியை நன்றாகக் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டு, முதலில் மூடியை இறுக்கும் திசையில் மயிரளவு திருப்பினோம். திறப்பதற்கு முன் இறுக்குவது விநோதமாகத் தோன்றலாம்; பற்றிய துருவை உடைக்க அதுவே எளிய வழி. பிறகு எதிர்த்திசையில், அதாவது மூடியை நேரே பார்க்கையில் கடிகார முள் சுற்றுவதற்கு மாறாகத் திருப்ப, கோடு முறிந்தது. மீதியை விரலாலேயே கழற்றினோம்.

அப்படியும் திறக்காவிட்டால் மூடியின்மேல் ஒரு பெரிய நட்டைப் பசையால் ஒட்டி, அதைத் திருப்பும் முறை தொழிலாளர்களிடம் உண்டு. ஆனால் அப்பசையைக் கரைக்கும் அசிட்டோன், பழைய கடிகாரங்களின் பிளாஸ்டிக் முகக்கண்ணாடியில் பட்டால் கண்ணாடி மங்கிப்போகும். அம்முறையை வீட்டில் கையாளாமலிருப்பதே மேல்.

திறந்ததும் கருகிய வளையத்தை மரக்குச்சியால் முற்றும் நீக்கி, மரையைத் துடைத்து, புதிய வளையத்துக்குச் சிலிக்கோன் கிரீஸ் லேசாகத் தடவி மூட வேண்டும். பழைய ஊசிகளை எறிந்துவிட்டு, காதுகளுக்கிடையேயுள்ள அகலத்தை அளந்து, அந்த நீளத்துக்குப் புதியவை வாங்க வேண்டும். நாம் அளந்த கடிகாரத்துக்கு 18 மில்லிமீட்டர். அதன்பின் ஆண்டுக்கொரு முறை வாரைக் கழற்றி ஊசி முனைகளைத் துடைத்து மாட்டினால், மறுமுறை ஊசியைத் துண்டிக்கும் அவசியம் நேராது.