காகிதத்துக்கு ஒரு கூர்மை, திரைக்கு வேறு

6000 பிக்சல் அகலமுள்ள பறவைப் படம். அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் அச்சிட்டால் 20 அங்குலம் வரும். மேட் காகிதத்தில் மை ஊறிப் பரவுவதால் இறகின் விளிம்பு மங்கும். அதை ஈடுகட்டத்தான் அச்சுக்குக் கூர்மையைத் தூக்கலாக வைக்கிறார்கள்.

கூர்மையேற்றும்போது விளிம்பின் ஒருபுறம் வெளுக்கும், மறுபுறம் கறுக்கும். 3 பிக்சல் அகலமுள்ள அந்த வெள்ளைக் கோடு அச்சில் அங்குலத்தில் நூறில் ஒரு பங்குதான். கைநீளத் தொலைவில் தனியாகத் தெரியாது.

அங்குலத்துக்கு 100 பிக்சல் கொண்ட திரையில் அதே கோடு மும்மடங்கு அகலம். மை பரவல் அங்கே இல்லை; பளபளப்புக் கண்ணாடி ஒளியைச் சிதறவிடுவதும் குறைவு. இறகைச் சுற்றி வெள்ளை வளையம் துருத்தும்.

ஆகவே திரைக்கான பிரதியை முதலில் 1500 பிக்சலுக்குச் சுருக்கி, பிறகு லேசாகக் கூர்மையேற்ற வேண்டும். லைட்ரூமின் ஏற்றுமதிப் பகுதியில் திரை, மேட் காகிதம், பளபளப்புக் காகிதம் எனத் தனித்தனித் தேர்வுகள் உண்டு. அச்சுப் பிரதி திரையில் சற்று முரடாகத் தெரிவது இயல்பு. சிறு துண்டை அச்சிட்டுப் பார்த்தே அளவை முடிவு செய்யலாம்.