மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளில் இடுப்பு மூட்டு விலகல்: ஊடுகதிர்ப்படக் கண்காணிப்பும் சிகிச்சையும்

இடுப்பு மூட்டு ஏன் விலகுகிறது?

மூளை முடக்குவாதத்துடன் பிறக்கும் குழந்தையின் இடுப்பு மூட்டு பெரும்பாலும் பிறப்பில் இயல்பாகவே இருக்கும். குழந்தை வளர வளர, தொடைகளை உள்நோக்கி இழுக்கும் தசைகளும் இடுப்பை மடக்கும் தசைகளும் இறுகுகின்றன. குழந்தை உரிய வயதில் நின்று நடக்காததால் தொடை எலும்பின் மேற்பகுதியும் அதைத் தாங்கும் கிண்ணமும் சரியான வடிவம் பெறுவதில்லை. இதனால் தொடை எலும்பின் பந்து போன்ற தலை, கிண்ணத்திலிருந்து சிறிது சிறிதாக வெளிப்பக்கம் நகர்கிறது. தடுக்காவிட்டால் அது முழுமையாக வெளியேறிவிடக்கூடும்.

தொடக்கத்தில் இந்த நகர்வு வலியைத் தருவதில்லை. கால்கள் நன்றாக விரிந்தாலும் மூட்டு விலகிக்கொண்டிருக்கலாம். உடை மாற்றும்போது கால்களை விரிக்க முடியாமை, படுத்த நிலையில் முழங்கால்களை மடக்கினால் ஒன்று தாழ்ந்து தெரிதல், காலை அசைத்தால் அழுதல், இரவில் உறக்கம் கெடுதல் ஆகியவை பெரும்பாலும் தாமதமாகவே தோன்றும். ஆகவே அறிகுறிக்காகக் காத்திருத்தல் கூடாது. விலகலை உரிய காலத்தில் காட்டுவது ஊடுகதிர்ப்படம் (எக்ஸ்ரே) மட்டுமே.

யாருக்கு, எப்போது படம் எடுக்க வேண்டும்?

குழந்தையின் அசைவுத் திறனை மருத்துவர்கள் ‘ஜிஎம்எஃப்சிஎஸ்’ என்னும் ஐந்து நிலைகளாகப் பிரிக்கின்றனர். துணையின்றி நடக்கும் குழந்தை முதல் நிலை. கைப்பிடிக் கருவியுடன் நடப்பது மூன்றாம் நிலை. தலையை நிமிர்த்தி வைக்கவே உதவி தேவைப்படுவது ஐந்தாம் நிலை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் நடந்த, 2006-இல் வெளியான ஆய்வில், முதல் நிலைக் குழந்தைகளில் எவருக்கும் இடுப்பு விலகல் காணப்படவில்லை. ஐந்தாம் நிலையில் அது 90 விழுக்காட்டினருக்கு இருந்தது.

பொதுவான நடைமுறைப்படி, முதல் படம் 12 முதல் 24 மாத வயதுக்குள், அல்லது நோய் கண்டறியப்பட்டவுடன் எடுக்கப்படுகிறது. மூன்று, நான்கு, ஐந்தாம் நிலைக் குழந்தைகளுக்கு ஆறு மாதத்திற்கு ஒருமுறை படம் தேவை. அளவு நிலைத்துவிட்டது எனத் தெரிந்தபின் இடைவெளியை ஓராண்டாக மருத்துவர் நீட்டலாம். எலும்பு வளர்ச்சி முடியும்வரை கண்காணிப்பு தொடர வேண்டும். இந்திய மூளை முடக்குவாத அகாடமியும் இந்தியக் குழந்தைகள் எலும்பியல் சங்கமும் இணைந்து நம் நாட்டிற்கான வழிகாட்டுதலை வகுத்துள்ளன.

தெற்கு ஸ்வீடனில் 1994-இல் இத்தகைய கண்காணிப்பு தொடங்கியது. அதற்கு முன் நூற்றுக்கு ஏறத்தாழ எட்டு, ஒன்பது குழந்தைகளின் இடுப்பு முழுமையாக விலகியது. அதன்பின் இந்த எண்ணிக்கை ஒன்றுக்கும் கீழே குறைந்தது.

படம் சொல்லும் எண்

படத்தில் தொடை எலும்புத் தலையின் மொத்த அகலம் அளக்கப்படுகிறது. அதில் கிண்ணத்திற்கு வெளியே உள்ள பகுதி எத்தனை விழுக்காடு என்பதே விலகல் விழுக்காடு. மருத்துவர்கள் இதை ‘மைக்ரேஷன் பெர்சன்டேஜ்’ என்பர்.

ஓர் எடுத்துக்காட்டு: பொள்ளாச்சி வட்டாரத்தில் வாழும் நான்காம் நிலைக் குழந்தை ஒன்று என வைத்துக்கொள்வோம். இரண்டு வயதில் தலையின் அகலம் 20 மி.மீ., வெளியே உள்ளது 4 மி.மீ.; விலகல் 20 விழுக்காடு. மூன்று வயதில் 25 மி.மீட்டரில் 7 மி.மீ.; 28 விழுக்காடு. மூன்றரை வயதில் 25 மி.மீட்டரில் 9 மி.மீ.; 36 விழுக்காடு. இக்காலம் முழுவதும் குழந்தைக்கு வலி இல்லை.

30 விழுக்காட்டைக் கடந்தால் குழந்தைகள் எலும்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒரே ஆண்டில் 10 விழுக்காட்டிற்கு மேல் உயர்ந்தாலும் அவ்வாறே. தனி எண்ணைவிட, எண்கள் செல்லும் திசை முக்கியம். அதனால் பழைய படங்கள் அனைத்தையும் தேதி வாரியாக ஒரே கோப்பில் வைத்து, ஒவ்வொரு முறையும் எடுத்துச் செல்ல வேண்டும்.

படம் எடுக்கும்போது குழந்தை கோணலாகப் படுத்திருந்தால் எண் தவறாக வரும். குழந்தை மல்லாந்து படுத்திருக்க வேண்டும். இடுப்பு இருபுறமும் சமமாக இருக்க வேண்டும். முழங்கால் சில்லுகள் மேல்நோக்க வேண்டும். முதுகு வளைந்து எழும்பினால் முழங்கால்களுக்குக் கீழே தலையணை வைக்கப்படும். சரியாக எடுத்தாலும் அளவீட்டில் சில விழுக்காடு வேறுபாடு வருவது இயல்பு.

தசை இறுக்கத்திற்கான சிகிச்சை

இயன்முறைச் சிகிச்சை, பாக்லோபென் மாத்திரை, போட்டுலினம் ஊசி ஆகியவை இறுக்கத்தைத் தளர்த்தும். உடை மாற்றுதல், உட்கார வைத்தல், உறக்கம் ஆகியவை எளிதாகும். ஆனால் இவை இடுப்பு விலகலை நிறுத்துவதில்லை. போட்டுலினம் ஊசியையும் இடுப்புப் பட்டையையும் சேர்த்துச் சோதித்த ஆய்வு ஒன்று 2008-இல் வெளியானது. விலகல் சிறிதளவே தாமதப்பட்டது. அறுவைத் தேவை நீங்கவில்லை. ஆகவே ஊசி போட்டுவருவதால் படம் தேவையில்லை என எண்ணக் கூடாது. பாக்லோபெனைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு உள்ளிட்ட கடும் பாதிப்பு ஏற்படலாம். மருத்துவர் சொல்லும்படி படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

அறுவைச் சிகிச்சைகள்

மேற்கண்ட குழந்தைக்கு 36 விழுக்காட்டில் முதலில் தசை நீட்டிப்பு அறுவை பரிந்துரைக்கப்படலாம். உள்தொடைத் தசைகளின் இறுக்கத்தையும் இடுப்பை மடக்கும் தசைநாரையும் தளர்த்துவதே இது. சிறு வயதில், விலகல் குறைவாக உள்ளபோது இது பலன் தரும். நடக்கும் குழந்தைகளைவிட நான்கு, ஐந்தாம் நிலைகளில் பலன் நிலைப்பது குறைவு. இக்குழந்தையின் அளவு அறுவைக்குப்பின் சற்றுக் குறைந்து, ஆறு வயதில் 30 மி.மீட்டரில் 15 மி.மீ., அதாவது 50 விழுக்காடு ஆகலாம். முதல் அறுவை வீண் என்பது இதன் பொருளன்று. எலும்பை ஓரளவு முதிர விட்டு, பெரிய அறுவைக்குக் காலம் தந்தது எனக் கொள்ளலாம்.

ஏறத்தாழ 40 விழுக்காட்டைக் கடந்தபின் பொதுவாக எலும்புச் சீரமைப்பு தேவைப்படுகிறது. தொடை எலும்பின் மேற்பகுதியை வெட்டி, கோணத்தையும் திருகலையும் சரிசெய்து, தகட்டால் பொருத்துவர். கிண்ணம் ஆழமற்றிருந்தால் இடுப்பெலும்பையும் வெட்டித் திருத்துவர். மயக்கமருந்துக்கு முன் இரத்தசோகை, எடைக்குறைவு, வலிப்பு, நெஞ்சுச் சளி ஆகியவை சீராக்கப்பட வேண்டும். சில வாரங்கள் மாவுக்கட்டு அல்லது தாங்கி தேவைப்படலாம். அப்போது தோல் புண்ணாகாமல் நிலை மாற்றிப் படுக்க வைக்க வேண்டும்.

பல ஆண்டுகள் விலகிக் கிடந்து தலை சிதைந்த மூட்டைச் சீரமைப்பது பெரும்பாலும் இயலாது. அப்போது செய்யப்படும் அறுவைகள் வலியைக் குறைக்கவும் பராமரிப்பை எளிதாக்கவும் மட்டுமே உதவும். அவற்றிற்குப் பின்னும் சிலருக்கு வலி நீடிக்கும்.

எலும்பு அறுவைக்குப்பின் விலகல் மீண்டும் வரலாம். மறுபக்க இடுப்பும் நகரலாம். எனவே படங்கள் தொடர வேண்டும்.

எங்கே அணுகுவது?

கோவை மாவட்டத்தினர் கோயம்புத்தூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். பிற மாவட்டத்தினர் அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையம் குறித்துக் கேட்கலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தங்கள் குழந்தைக்குரிய அறுவை அடங்குமா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ள வேண்டும். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு மூளை முடக்குவாதம் உள்ளோருக்கு ஆண்டுக்கு ரூ.1 லட்சம் வரை உதவுகிறது.

ஒவ்வொரு படத்திற்குப் பின்னும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: வலது, இடது இடுப்பின் விலகல் எத்தனை விழுக்காடு? சென்ற முறையைவிட எவ்வளவு மாறியுள்ளது? அடுத்த படம் எந்த மாதம்? விடைகளைக் கோப்பின் முதல் தாளில் எழுதி வைத்தால், மருத்துவர் மாறினாலும் குழந்தையின் கண்காணிப்பு அறுபடாது.