ஒரு நிமிட வீடியோவில் ஓர் அறை: செலவும் நாளும் உள்ளபடி

கைபேசியில் தினமும் கண்ணில் படுகிற காட்சி இது. இருண்டு கிடக்கும் பழைய படுக்கையறை, ஒரு கைதட்டல், அடுத்த நொடியில் பளபளக்கும் புதிய அறை. கீழே "வெறும் 99 ஆயிரத்தில்" என்றோ "15 நாளில்" என்றோ ஒரு வரி ஓடும். பார்த்த குடும்பம் அந்த வரியை மனத்தில் வைத்துக்கொண்டு உள்ளூர் இன்டீரியர் டிசைனரிடம் போகிறது. அவர் சொல்லும் தொகை ஏறக்குறைய இரண்டு மடங்காக இருக்கும்போது, வீடியோ போட்டவரைச் சந்தேகிக்காமல் எதிரில் உட்கார்ந்திருப்பவரைச் சந்தேகிக்கிறது.

ஓர் ஆசாரி, ஒரு பெயின்டர், ஒரு எலக்ட்ரீஷியன் என்று நாலைந்து பேரோடு தொழில் செய்யும் சிறிய டிசைனருக்கும் இன்று இப்படி ஒரு வீடியோ தேவைதான். ஷோரூம் வைக்க அவரிடம் பணம் இல்லை. முடித்துக் கொடுத்த அறைதான் அவருடைய ஷோரூம். அந்த வீடியோவின் ஸ்கிரிப்ட்டில் செலவையும் நாளையும் எப்படிச் சொன்னால் பின்னால் வாய்த்தகராறு வராது என்பதை, மதுரையில் பதினைந்து ஆண்டு பழைய அடுக்குமாடி வீட்டுப் படுக்கையறை ஒன்றை மாதிரியாக வைத்துப் பார்க்கலாம். கீழே வரும் விலைகள் கணக்குப் போட்டுக் காட்டுவதற்கான மாதிரி விலைகள். ஊருக்கு ஊர், பலகைக்குப் பலகை இவை மாறும்.

அறை பத்தடிக்குப் பதினோரடி. முழு நீளத்துக்கு ஒரே ஒரு சுவர்தான் காலியாக இருக்கிறது. அந்தச் சுவருக்குப் பின்னால் குளியலறை; கீழ்ப்பகுதியில் உப்புப் பூத்துப் பெயின்ட் உரிந்திருக்கிறது. இரும்பு பீரோ ஜன்னலைப் பாதி மறைத்து நிற்கிறது. வீட்டுக்காரர்கள் கேட்பது வார்ட்ரோப், அதற்கு மேல் லாஃப்ட், பிள்ளைக்கு ஒரு படிக்கிற மேசை, புதுப் பெயின்ட், சில மின் இணைப்புகள், திரைச்சீலை.

ஸ்கிரிப்ட் எழுத உட்காரும் முன் பில்லை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். வார்ட்ரோப்பை முகப்பு அளவில் கணக்கிடுவதுதான் வழக்கம். ஏழடி அகலம், ஏழடி உயரம், ஆக 49 சதுரடி. ஐ.எஸ். 303 முத்திரையுள்ள பி.டபிள்யூ.ஆர். பிளைவுட், மேலே மைக்கா, சாதாரணக் கீல் என்றால் சதுரடி 1,400 ரூபாய் என்று வைப்போம். ஈரத்தை இன்னும் நன்றாகத் தாங்கும் ஐ.எஸ். 710 பலகை, ஓசையின்றி மூடும் கீல், கூடுதலாக இரண்டு டிராயர் என்றால் 1,800. லாஃப்டையும் சேர்த்தால் குறைந்தது 81 ஆயிரம், கூடினால் 1 லட்சத்து 4 ஆயிரம். பெயின்ட், மேசை, மின்வேலை, திரைச்சீலை நான்கும் சேர்ந்து 42 ஆயிரத்திலிருந்து 58 ஆயிரம். டிசைனர் கட்டணம், வண்டி வாடகை, இடிபாடு அகற்றும் கூலி 20 ஆயிரத்திலிருந்து 22 ஆயிரம். கூட்டினால் 1 லட்சத்து 43 ஆயிரம் முதல் 1 லட்சத்து 84 ஆயிரம் வரை வருகிறது.

வாயால் சொல்லும்போது இதை முழு எண்ணாக்க வேண்டியிருக்கும். இரண்டு முனையையும் மேலே தள்ளி 1.45, 1.85 என்று சொல்வதுதான் முறை. கீழ்முனையைக் குறைத்து "1.4 லட்சத்திலிருந்து" என்று சொன்னால் அந்த விலைக்கு அறையை முடித்துத் தர முடியாது. அதைவிட முக்கியம், இரண்டு முனைக்கும் காரணம் இருக்க வேண்டும் என்பது. இந்த அறையில் வித்தியாசத்தின் பெரும்பகுதி பலகையிலும் கீலிலும் டிராயரிலும் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டால் பார்ப்பவர் தன் வீட்டுக்கு எந்த முனை பொருந்தும் என்று தானே கணித்துக்கொள்வார். "ஒரு லட்சத்திலிருந்து மூன்று லட்சம் வரை" என்று சொல்வதில் பொய் இல்லை, பயனும் இல்லை. மேல்முனை கீழ்முனையைப் போல இரண்டு மடங்கைத் தாண்டினால், அது வேறு வேறு அறைகளின் விலை என்று கொள்ள வேண்டும்.

நேர்மையான வீடியோக்கள்கூடத் தவறிப்போகும் இடம் ஒன்று உண்டு. கடைசிக் காட்சியில் புதுக் கட்டிலும் தடித்த மெத்தையும் சுவரில் ஏசியும் தெரியும். அவற்றை வீட்டுக்காரர்கள் தனியாக வாங்கியிருப்பார்கள். பார்ப்பவருக்கு அது தெரியாது. திரையில் தெரிவதெல்லாம் அந்த விலைக்குள் அடக்கம் என்றுதான் எவரும் நினைப்பார்கள். எனவே தொகையைச் சொன்ன அடுத்த மூச்சிலேயே, காட்சியில் தெரிந்தும் கணக்கில் சேராத பொருள்களைப் பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். ஜி.எஸ்.டி.யும் அப்படித்தான். பதிவு செய்த டிசைனர் என்றால் இந்த வேலைக்கு 18 சதவீதம் கூடும், 1.8 லட்சத்தில் அது 32 ஆயிரத்துக்கு மேல். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் சிறியவர்கள் பதிவு செய்யத் தேவையில்லை, அவர்கள் வரி வாங்கவும் கூடாது. நம் மாதிரி டிசைனர் பதிவு செய்யாதவர்.

இனி நாள் கணக்கு. "15 நாள்" என்று வீடியோவில் வருவது பெரும்பாலும் ஆசாரி வேலை செய்த நாள்கள் மட்டும். இந்த அறையில் அளவெடுத்து, வரைந்து, மைக்கா நிறம் தேர்ந்து முடிக்கவே ஒரு வாரத்திலிருந்து பத்து நாள் ஆகும். பிறகு குளியலறைக் குழாயின் ஒழுகலை நிறுத்திச் சுவரைக் காயவிட ஏழிலிருந்து பத்து நாள். சுவரை வெட்டி வயர் இழுக்க இரண்டு மூன்று நாள், ஆசாரி வேலை பன்னிரண்டிலிருந்து பதினைந்து நாள், பட்டி பார்த்துப் பெயின்ட் அடிக்க ஆறிலிருந்து எட்டு நாள், திரைச்சீலை மாட்டிச் சுத்தம் செய்ய இரண்டு நாள். மொத்தம் ஐந்திலிருந்து ஏழு வாரம். கடைசிக் கோட்டுப் பெயின்டை ஆசாரி வேலைக்கு முன்னால் அடித்து நாளைக் குறைக்கப் பார்ப்பவர்கள் உண்டு. மரத்தூள் படிந்து, சுவரில் கீறல் விழுந்து, திரும்ப அடிக்க நேரும்.

ஓதத்தைக் காயவிடும் நாள்களை மட்டும் எவரும் சுருக்கக் கூடாது. ஈரச் சுவரில் பட்டி போட்டால் சில மாதத்தில் கொப்புளித்து உதிரும். அதை மறைத்து வார்ட்ரோப் வைத்தால் பின்பலகையில் பூஞ்சை பிடிக்கும், துணியில் முக்கல் வாடை வரும். சுவர் காய்ந்ததா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. இரண்டடிச் சதுரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள், இரண்டு நாள் விட்டுப் பார்க்க வேண்டும். தாளின் உட்பக்கம் நீர் முத்துக் கட்டினால் ஈரம் சுவருக்குள் இன்னும் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காய்வதற்குக் கூடுதல் நாள் பிடிக்கும் என்பதால், ஸ்கிரிப்ட்டில் மழைக்காலத்தைத் தனியாகச் சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவும் ஒரு நிமிடத்துக்குள் அடங்குமா? அடங்கும். அவசரமின்றிப் பேசினால் ஒரு நிமிடத்தில் நூறு சொல்லுக்குக் கொஞ்சம் குறைவாகவே சொல்ல முடியும். அந்த டிசைனர் பேசும் ஸ்கிரிப்ட் இப்படி இருக்கலாம்.

பழைய அறை, உரிந்த சுவர் அருகில்: "மதுரையில பதினஞ்சு வருஷப் பழைய ஃபிளாட். பத்துக்குப் பதினொண்ணு பெட்ரூம். பாத்ரூம் பக்கச் சுவர் முழுக்க ஓதம்."

குழாய் வேலை, ஒட்டிய பிளாஸ்டிக் தாள்: "முதல்ல ஒழுகலை நிறுத்தினோம். சுவர் காய ஒன்பது நாள் ஆச்சு. அதுக்கு முன்னால ஒரு பலகைகூட உள்ள வரல."

ஆசாரி பலகை அறுப்பது, முத்திரை தெரிய: "ஓதம் வந்த சுவர்ங்கிறதால 710 பிளைவுட். ஏழடிக்கு ஏழடி வார்ட்ரோப், மேல லாஃப்ட், ஜன்னலோரம் மேசை."

பெயின்ட் அடிப்பது, தொகை திரையில் பெரிதாக: "மொத்தம் ஆனது ஒரு லட்சத்து எழுபத்தேழாயிரம். அதுல ஒன்பதாயிரம் ஓதத்துக்கு. ஓதம் இல்லாத இதே அளவு ரூம்னா, பலகையையும் கீலையும் பொறுத்து ஒண்ணு நாப்பத்தஞ்சுல இருந்து ஒண்ணு எண்பத்தஞ்சு. கட்டில், மெத்தை, ஏசி இதுல சேராது."

வீட்டுக்காரரிடம் சாவி கொடுப்பது: "அளவெடுத்த நாள்ல இருந்து ஆறு வாரம். ஓதம் இல்லைன்னா அஞ்சு. மழைக்காலம்னா ஏழு."

பிறகு பேச்சில்லாமல் புதிய அறை, பத்து நொடி.

இதில் தொகை வீடியோவின் நடுவிலேயே, வேலை நடக்கும் காட்சியோடு வருவதைக் கவனியுங்கள். பளபளப்பான அறையைக் காட்டிய பிறகு தொகை சொன்னால் அது தள்ளுபடி விளம்பரம் போலக் கேட்கும். நாள் கணக்கு எந்த நாளில் தொடங்குகிறது என்பதையும் அவர் சொல்லிவிட்டார். "அளவெடுத்த நாளிலிருந்து" என்ற சொல் இல்லாவிட்டால் ஆறு வாரம் என்பதை ஆளுக்கு ஒரு நாளிலிருந்து எண்ணுவார்கள்.

படம் எடுப்பதிலும் நேர்மை வேண்டும். பழைய அறையை விளக்கணைத்து, துணிமணி இறைந்து கிடக்க எடுத்துவிட்டு, புதியதைப் பகல் வெளிச்சத்தில் அகலக் கோண லென்ஸில் எடுத்தால் பத்தடி அறை பதினான்கடியாகத் தெரியும். இரண்டையும் ஒரே மூலையிலிருந்து, ஒரே உயரத்தில், ஒரே நேரத்து வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். வாசலோரத் தரையில் டேப்பால் ஒரு அடையாளம் ஒட்டி வைத்தால் போதும்.

சட்டமும் இதில் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் தவறான விளம்பரங்களைத் தடுக்கும் நெறிமுறைகளை வெளியிட்டது. பொறுப்புத் துறப்பு வரி, விளம்பரம் எந்த மொழியில் பேசுகிறதோ அதே மொழியில் இருக்க வேண்டும் என்கிறது அது. தமிழில் விலையை உரக்கச் சொல்லிவிட்டு, நிபந்தனையை ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் போடுவது முறையல்ல.

வீடியோவைப் பதிவேற்றும் முன் டிசைனர்கள் ஒன்று செய்யுங்கள். ஸ்கிரிப்ட்டையும் கடைசி பில்லையும் வீட்டுக்காரர் முன்னால் வையுங்கள். வீட்டைக் காட்டவும் தொகையைச் சொல்லவும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். "ஆமாம், எங்களுக்கு இவ்வளவுதான் ஆச்சு, இத்தனை நாள்தான் ஆச்சு" என்று அவர் சொன்னால் மட்டும் வெளியிடுங்கள்.